ஐந்து கிலோ தானியமும் நூற்றைம்பது ரூபாயும்

2023 பிப்ரவரி 28ஆம் தேதி மகாராஷ்டிர அரசு ஓர் ஆணை வெளியிட்டது. மராத்வாடாவின் எட்டு மாவட்டங்கள், அமராவதிக் கோட்டத்தின் ஐந்து மாவட்டங்கள், இவற்றோடு வர்தா. விவசாயிகளின் தற்கொலையால் நாடு முழுக்கப் பெயர் தெரிந்துபோன 14 மாவட்டங்கள் இவை. அங்கே கேசரி நிற ரேஷன் அட்டை வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்களுக்கு இனித் தானியம் இல்லை, அதற்குப் பதில் தலைக்கு மாதம் 150 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் என்பதே ஆணையின் சாரம்.

அதுவரை நடந்தது வேறு. 2015 முதல் இந்தக் குடும்பங்கள் தலைக்கு 5 கிலோ தானியத்தை ரேஷன் கடையில் வாங்கிவந்தன. கோதுமை கிலோ 2 ரூபாய், அரிசி கிலோ 3 ரூபாய். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலுக்குள் வராதவர்கள் என்பதால், இவர்களுக்கான தானியத்துக்கு மாநில அரசே தனி ஏற்பாடு செய்திருந்தது. 2022இல் அந்தத் தானியம் இந்திய உணவுக் கழகத்திடமிருந்து வருவது நின்றுபோனது. பல மாதங்கள் மூட்டை வரவில்லை. பிறகு வந்தது பணம்.

ஐந்து கிலோவும் நூற்றைம்பது ரூபாயும் ஒன்றா? இந்த உரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இவ்வளவுதான். பொருளியல் பாடநூலில் இதற்கு ஒரு விடை உண்டு. 1945இலேயே ஹெர்மன் சவுத்வொர்த் என்ற அமெரிக்க வேளாண் பொருளியலாளர் அதைப் படமாக வரைந்து காட்டிவிட்டார். அந்த விடை சரியானது. ஆனால் அது எந்த நிபந்தனையின் பேரில் சரி என்பதைப் பதினோராம் வகுப்பில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆணை எழுதுகிறவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

படத்தைக் காகிதத்தில் வரைந்தால் விஷயம் விளங்கும். ஜால்னா பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான்கு பேர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 8,000 ரூபாய். கடையில் தானியம் கிலோ 32 ரூபாய். கணக்கு எளிதாக இருக்க, ரேஷன் தானியம் முழுவதும் 2 ரூபாய்க் கோதுமை என்றே கொள்ளலாம். படுக்கைக் கோட்டில் மாதத்துக்கு எத்தனை கிலோ தானியம் என்று குறிக்க வேண்டும். நிமிர்ந்த கோட்டில் தானியம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மிஞ்சும் ரூபாய்: பருப்பு, எண்ணெய், பள்ளிக்கூடம், மருந்து, கைபேசி ரீசார்ஜ்.

எந்த உதவியும் இல்லாதபோது, தானியமே வாங்காவிட்டால் 8,000 ரூபாய் மிஞ்சும். ஒவ்வொரு கிலோ வாங்கும்போதும் அதில் 32 ரூபாய் குறையும். அதுதான் குடும்பத்தின் வரவுசெலவுக் கோடு. அதன் சரிவு 32.

இப்போது ரேஷன் கடை திறக்கிறது. நான்கு பேருக்கு 20 கிலோ, கிலோ 2 ரூபாய். முதல் 20 கிலோவுக்குக் கோடு கிட்டத்தட்டப் படுத்தே போகிறது, ஏனென்றால் கிலோவுக்கு 2 ரூபாய்தான் இறங்குகிறது. 20 கிலோ வாங்கியபின் கையில் 7,960 ரூபாய் இருக்கும். அதற்குமேல் ஒரு கிலோ வேண்டுமென்றாலும் கடைக்குத்தான் போக வேண்டும், அங்கே 32 ரூபாய். எனவே அந்தப் புள்ளியில் கோடு சட்டென்று முறிந்து பழைய சரிவுக்குத் திரும்புகிறது. இந்த முறிவுப் புள்ளியை, 20 கிலோவும் 7,960 ரூபாயும் சந்திக்கும் இடத்தை, மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முழு விவாதமும் அதைச் சுற்றியே நடக்கிறது.

அடுத்து ரேஷனை மூடிவிட்டுப் பணம் கொடுப்போம். நான்கு பேருக்கு 150 வீதம் 600 ரூபாய். வருமானம் 8,600 ஆகிறது, சரிவு தொடக்கம் முதலே 32. இந்தக் கோட்டைப் படத்தில் இழுத்தால், 20 கிலோவுக்கு வலப்பக்கம் முழுவதும் ரேஷன் கோட்டின் மேலேயே இம்மியும் பிசகாமல் படிகிறது. இது தற்செயல் அல்ல. ரேஷன் தந்த சலுகை கிலோவுக்கு 30 ரூபாய், 20 கிலோவுக்கு 600 ரூபாய். அரசு கொடுத்த பணமும் 600 ரூபாய். இடப்பக்கத்தில் மட்டும் வித்தியாசம் இருக்கிறது. தானியம் குறைவாக வாங்க விரும்புகிறவருக்குப் பணக்கோடு ஒரு முக்கோண இடத்தைக் கூடுதலாகத் திறந்துவிடுகிறது.

இனிச் சமநோக்கு வளைகோடுகள். குடும்பத்துக்கு ஒரே அளவு மனநிறைவைத் தரும் சேர்க்கைகளை இணைப்பது ஒரு வளைகோடு. ஒரு கிலோ தானியத்துக்காக இந்தக் குடும்பம் எத்தனை ரூபாயை மனமுவந்து விட்டுக்கொடுக்கும் என்பதை அதன் சரிவு சொல்கிறது. தானியம் சொற்பமாக இருக்கும்போது நிறைய விட்டுக்கொடுக்கும், பானை நிறைந்தபின் கொஞ்சம்தான் விட்டுக்கொடுக்கும். எட்டக்கூடிய மிக உயர்ந்த வளைகோடு வரவுசெலவுக் கோட்டைத் தொடும் இடமே குடும்பத்தின் தேர்வு. அந்தத் தொடுபுள்ளி 20 கிலோவுக்கு வலப்பக்கத்தில் விழுமானால் ரேஷனும் பணமும் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றேதான். இரண்டு கோடும் அங்கே ஒரே கோடு, தொடும் வளைகோடும் ஒன்றே, வாங்கும் தானியமும் ஒன்றே. 40 கிலோ சாப்பிடும் குடும்பம் எந்த ஏற்பாட்டிலும் 40 கிலோவே சாப்பிட்டு, மற்றச் செலவுக்கு 7,320 ரூபாய் வைத்துக்கொள்ளும்.

நான்கு பேருக்கு 40 கிலோ என்பது நடப்புக்கு நெருக்கமான அளவுதான். 2011-12ஆம் ஆண்டின் தேசிய நுகர்வுச் செலவு ஆய்வின்படி இந்தியக் கிராமங்களில் ஒருவர் மாதம் கிட்டத்தட்ட 11 கிலோ தானியம் உண்டார். பிறகு அது குறைந்துவந்தாலும் 5 கிலோ அளவுக்கு இறங்கவில்லை. ஆகவே பெரும்பாலான குடும்பங்கள் முறிவுப் புள்ளிக்கு வலப்பக்கத்தில்தான் இருக்கின்றன. பாடநூல் விடையின் பலம் இதுதான்.

புனேவின் வாகட்டில் இதற்கு இன்னொரு சான்று எல்லோர் பையிலும் இருக்கிறது. ஹிஞ்சவடியின் மென்பொருள் நிறுவனங்கள் பல தம் ஊழியர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியை உணவு அட்டையாகத் தருவது பழைய வழக்கம். சொடெக்ஸோ என்றால் இங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒரு வேளை உணவுக்கு 50 ரூபாய் என்ற பழைய வரிவிலக்கு விதிப்படி, நாளுக்கு இரண்டு வேளை, மாதத்துக்கு 22 நாள் என்று கணக்கிட்டு அட்டையில் 2,200 ரூபாய் ஏறும். அதைக் கொண்டு மளிகையும் சாப்பாடும்தான் வாங்க முடியும். ஆனாலும் அதை யாரும் கட்டுப்பாடாக உணர்வதில்லை, ஏனென்றால் வாகட்டில் ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவே 2,200 ரூபாயை எளிதாகத் தாண்டிவிடும். வரிச் சலுகையை நீக்கிவிட்டுப் பார்த்தால் அந்த அட்டையும் பணமும் ஒன்று. முறிவுப் புள்ளி எங்கோ இடப்பக்கத்தில் கிடக்கிறது.

ஆனால் மனிதர்கள் அட்டையையும் பணத்தையும் ஒன்றாக நடத்துகிறார்களா என்று அளந்து பார்த்தவர்கள் வேறு விடை கண்டார்கள். ஜஸ்டின் ஹேஸ்டிங்ஸும் ஜெஸ்ஸி ஷபிரோவும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பல்பொருள் அங்காடித் தொடரின் விற்பனைப் பதிவுகளைக் கொண்டு அமெரிக்காவின் உணவு உதவித் திட்டத்தை ஆராய்ந்தது. அட்டையில் வந்த ஒவ்வொரு டாலரிலும் 50 முதல் 60 சென்ட் வரை கூடுதல் உணவுக்குப் போனது. அதே குடும்பங்களின் கையில் பணமாக ஒரு டாலர் கூடினால் உணவுக்குப் போனது 10 சென்ட் அளவுக்கு மேல் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் முறிவுப் புள்ளிக்கு வலப்பக்கத்தில் இருந்தவர்கள், அதாவது பாடநூல்படி வித்தியாசமே இருக்கக் கூடாதவர்கள். உணவுக்கென்று வந்ததை மனம் உணவுக்கென்றே தனியாக ஒதுக்கிவைக்கிறது. வீட்டில் மாதச் செலவுக்கு உறை பிரித்துவைக்கும் எந்தப் பெண்ணுக்கும் இது புதிதல்ல. சமநோக்கு வளைகோட்டுக்குத்தான் புதிது.

இடப்பக்கத்தில் இருப்பவர்கள் யார்? இங்கே மராத்வாடாவின் அடுப்படியை நினைக்க வேண்டும். அங்கே அன்றாட உணவு சோள பாக்ரி. நாற்பது கிலோ தானியம் உண்ணும் வீட்டில் பெரும்பங்கு சோளமாகவும், கோதுமையும் அரிசியும் சேர்ந்து 12 கிலோவாகவும் இருக்கலாம். படுக்கைக் கோட்டில் ‘தானியம்’ என்று எழுதினால் இந்தக் குடும்பம் வலப்பக்கம். ‘கோதுமையும் அரிசியும்’ என்று எழுதினால் இடப்பக்கம். ஒரே குடும்பம், ஒரே மாதம். கோட்டின் பெயரை மாற்றினால் தீர்ப்பு மாறுகிறது. இந்த ஓர் இடத்தில் கவனக்குறைவாக இருந்துவிட்டு, ரேஷனும் பணமும் சமம் என்று அறிக்கை எழுதுவது எளிது.

அந்தக் குடும்பத்தின் இழப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பணம் கொடுத்தால் அது கோதுமையும் அரிசியுமாக 12 கிலோதான் வாங்கும், ஏனென்றால் பன்னிரண்டாவது கிலோவுக்கு அதன் மனத்தில் உள்ள மதிப்பு சரியாக 32 ரூபாய். அதற்குமேல் ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்பு 2 ரூபாய் குறைகிறது என்று வைத்தால், இருபதாவது கிலோவின் மதிப்பு 16 ரூபாய். ஆனாலும் ரேஷனில் விலை 2 ரூபாய் என்பதால் முழு 20 கிலோவையும் வாங்கிவிடும், முறிவுப் புள்ளியிலேயே வந்து நிற்கும். பணம் வாங்கும் நிலையோடு ஒப்பிட்டால் அதன் கையில் 8 கிலோ தானியம் கூடுதல், 256 ரூபாய் குறைவு. அந்த 8 கிலோவுக்கு அதன் மனத்தில் உள்ள சராசரி மதிப்பு கிலோ 24 ரூபாய், மொத்தம் 192. ஆக, ரேஷனாகக் கொடுத்ததால் வீணானது மாதம் 64 ரூபாய். சலுகையின் மொத்த மதிப்பான 600இல் இது பத்தில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். பணமே மேல் என்ற வாதத்தின் முழு எடையும் இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை இந்த 64 ரூபாய்தான். அது இல்லாத பொருள் அல்ல. ஆனால் பெரிய தொகையும் அல்ல.

நடைமுறையில் அது இன்னும் சுருங்கும். ரேஷன் கோதுமையைச் சாப்பிட்டுவிட்டுத் தன் வயலில் விளைந்த சோளத்தைச் சந்தையில் விற்கலாம். அதில் சட்டத்துக்குப் புறம்பானது எதுவும் இல்லை. சிலர் ரேஷன் தானியத்தையே குறைந்த விலைக்கு விற்கிறார்கள், அது சட்டத்துக்குப் புறம்பு. எந்த வழியானாலும் முறிவுப் புள்ளியிலிருந்து இடப்பக்கம் நோக்கி ஒரு புதிய சாய்வு கிடைக்கிறது, கடைவிலையைவிடக் குறைந்த சரிவோடு. தமிழ்நாடு இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி கண்டது. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டை எடுத்துக்கொண்டு, அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை வாங்கலாம். பொருளியலாளர் யாரும் வந்து வரைபடம் காட்டாமலே, முறிவுப் புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பவர்கள் தாமே பிரிந்து நிற்க அந்த அட்டை வழி செய்தது.

ஒரு குடும்பம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை எப்படி அறிவது? மனத்தின் வளைகோட்டை யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கேள்வி போதும்: ரேஷனில் கிடைப்பது போக, அதே தானியத்தை இந்த மாதம் கடையில் ஒரு கிலோவாவது வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் அவர் வலப்பக்கம், அவருக்குக் கடைசிக் கிலோவின் விலை கடைவிலைதான். முழு ஒதுக்கீட்டையும் எடுத்துக்கொண்டு கடையில் எதுவும் வாங்காதவர் முறிவுப் புள்ளியில் நிற்கிறார். தேசிய நுகர்வு ஆய்வின் படிவத்தில் ரேஷன் அரிசியும் பிற வழியில் வந்த அரிசியும் தனித்தனி வரிகளாகவே இருக்கின்றன, கோதுமைக்கும் அப்படியே. இந்தக் கேள்விக்கான விடை ஒவ்வொரு சுற்றிலும் திரட்டப்பட்டே வருகிறது.

இதுவரை சொன்னது எல்லாம் 32 ரூபாய் என்ற ஓர் எண்ணின்மேல் நிற்கிறது. அந்த எண்ணை அசைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த ஆணையின் உண்மையான கதை.

150 ரூபாயை 5 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 30 ரூபாய். ரேஷன் விலையைச் சேர்த்தால் கோதுமை 32, அரிசி 33. அதாவது, கடையில் கோதுமை 32 ரூபாய்க்கும் அரிசி 33 ரூபாய்க்கும் கிடைத்தால் மட்டுமே 150 ரூபாயும் 5 கிலோவும் ஒன்று. ஆணையில் இந்த வாக்கியம் இல்லை. ஆனால் 150 என்ற எண்ணுக்குள் அது இருக்கிறது.

கடைவிலை 40 ஆகட்டும். ரேஷன் இருந்திருந்தால் முறிவுப் புள்ளி நகர்ந்திருக்காது: 20 கிலோவும் 7,960 ரூபாயும் அப்படியே இருக்கும். விலை ஏற்றம் அதற்கு வலப்பக்கத்துப் பகுதியை மட்டுமே செங்குத்தாக்கும். 40 கிலோ உண்ணும் குடும்பம் இருபது கிலோவுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்கும், 160 ரூபாய். பணம் வாங்கும் குடும்பத்தின் கோடோ 8,600 என்ற புள்ளியில் கட்டப்பட்டு முழுவதுமாக உள்நோக்கிச் சுழல்கிறது. நாற்பது கிலோவுக்கும் எட்டு எட்டு ரூபாய், மொத்தம் 320. முன்பு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்த கோடுகள் இப்போது 160 ரூபாய் விலகி நிற்கின்றன. பணக்கோடு கீழே, ஆகவே அது தொடும் வளைகோடும் கீழே. இரண்டு கோடுகளும் ஏறத்தாழ 16 கிலோவில் வெட்டிக்கொள்கின்றன. அதற்கும் குறைவாக உண்பவர்களுக்குத்தான் பணம் இன்னும் இலாபம்.

விலை இறங்கினால் கணக்கு தலைகீழாகும் என்பதையும் சொல்ல வேண்டும். கோதுமை 25 ரூபாய்க்கு வந்தால் ரேஷன் சலுகையின் மதிப்பு 460, பணமோ அதே 600. அப்போது பணம் வாங்கியவர் 140 ரூபாய் முன்னே நிற்பார். ஆனால் ஆணை வந்த காலம் அப்படிப்பட்டதல்ல. 2022 மார்ச்சில் வீசிய வெப்ப அலை வடக்கே கோதுமைக் கதிரைச் சுருங்கவைத்தது. முந்தைய ஆண்டு 430 லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை கொள்முதல் செய்த அரசால் அந்த ஆண்டு 190 லட்சம் டன்னைக்கூட எட்ட முடியவில்லை. மே மாதம் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. கழகத்தின் கிடங்கு இளைத்ததும், சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியவர்களுக்குப் போக மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு என்றானது. மராத்வாடாவின் கேசரி அட்டைக்காரர்கள் அந்த மற்றவர்கள். தானியம் அரிதாகி விலை ஏறும் வேளையில், தானியத்தை நிறுத்திவிட்டு நிலையான ஒரு தொகை கொடுக்கப்பட்டது. வரைபடத்தின்படி பணம் மிகப் பலவீனமாக இருக்கும் வேளை அது.

பொருளியல் காரணங்களை எடைபோட்டு இந்த மாற்றம் வரவில்லை. கையில் தானியம் இல்லாததால் வந்தது. கர்நாடகத்திலும் அதுவே நடந்தது. 2023இல் அன்ன பாக்யத் திட்டத்தில் கூடுதல் 5 கிலோ அரிசி தருவதாகச் சொன்ன புதிய அரசு, ஜூன் மாதம் மத்திய அரசு மாநிலங்களுக்கு வெளிச்சந்தைத் திட்டத்தில் அரிசி விற்பதை நிறுத்தியதால் ஜூலை முதல் கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் தலைக்கு 170 ரூபாய் கொடுத்தது. அந்த 34 கழகத்தின் மொத்த விற்பனை விலை, கடைவிலை அல்ல.

புதுச்சேரியின் அனுபவம் தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. 2015 செப்டம்பரில் சண்டிகரோடு சேர்த்து அங்கே ரேஷன் அரிசி பணமாக மாறியது, தாத்ரா நாகர் ஹவேலி அடுத்த ஆண்டு சேர்ந்தது. தொகையைக் கணக்கிடும் மத்திய விதி குறைந்தபட்ச ஆதரவு விலையை அடிப்படையாகக் கொண்டது, அது சில்லறைக் கடையின் விலையைப் பார்ப்பதில்லை. நிதி ஆயோக் கேட்டுக்கொண்டபடி கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் ஓராண்டு தொடர்ந்து வீடுவீடாகக் கேட்டறிந்தார்கள். பதிவேட்டில் பணம் போய்விட்டதாக இருந்தும் வரவில்லை என்று சொன்ன குடும்பங்கள் கணிசமாக இருந்தன. வந்த தொகை அதே அளவு தானியத்தைக் கடையில் வாங்கப் போதவில்லை என்பதும் தெரிந்தது. வங்கிக்குப் போய்வரும் பேருந்துச் செலவும் போன கூலியும் பணக்கோட்டை இணையாகக் கீழே இறக்கும் செலவுகள். ரேஷன் கடை வரிசையும் எடைக்குறைவும் ரேஷன் கோட்டுக்கு அதையே செய்கின்றன: கடைக்காரர் 20 கிலோவுக்குப் பதில் 17 கிலோ அளந்தால் முறிவுப் புள்ளி 17க்கு வந்துவிடுகிறது. எந்தப் பக்கத்து ஓட்டையையும் மறைத்து வரைந்த படம் நேர்மையான படம் அல்ல. புதுச்சேரியில் பணமா அரிசியா என்ற வழக்கு ஆட்சியாளர்களுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2024 தீபாவளிக்கு முன் மூடிக்கிடந்த ரேஷன் கடைகள் மீண்டும் திறந்தன.

கடைவிலை தானாக ஏறுவது ஒன்று, பணமே அதை ஏற்றுவது இன்னொன்று. வரவுசெலவுக் கோட்டின் சரிவை வெளியிலிருந்து வந்த எண்ணாகத்தான் பாடநூல் எடுத்துக்கொள்ளும். ஒரு குடும்பத்துக்கு அது சரி. ஆனால் ஊர் முழுவதற்கும் தானிய லாரி வருவது நின்று, அதற்குப் பதில் பணம் வந்தால், எல்லோரும் அதே இரண்டு மளிகைக் கடைகளுக்குத்தான் போவார்கள். இதை அளந்தது மெக்சிகோ. அங்கே 2000களின் நடுவில் தெற்கு மாநிலங்களின் கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றுக்கு மாவு, அரிசி, பீன்ஸ், எண்ணெய், பால்பவுடர் அடங்கிய உணவுப் பெட்டியும் சிலவற்றுக்கு மாதம் 150 பெசோ பணமும் கொடுத்தார்கள். அங்கும் எண் 150 ஆக அமைந்தது வெறும் தற்செயல். பணம் வாங்கியவர்கள் அதைக் குடியிலும் புகையிலும் தொலைத்துவிடவில்லை என்று ஜெஸ்ஸி குன்ஹாவின் ஆய்வு காட்டியது. ஏழை கையில் காசு கொடுத்தால் சாராயக் கடைக்குப் போகும் என்று பேசுவோர் அதைப் படிக்க வேண்டும். அவரும் ஜாகோமோ டி ஜார்ஜியும் சீமா ஜெயச்சந்திரனும் சேர்ந்து செய்த அடுத்த ஆய்வு விலைகளைப் பார்த்தது. பணம் வந்த ஊர்களோடு ஒப்பிட, பெட்டி வந்த ஊர்களில் உணவு விலை ஏறத்தாழ 4 விழுக்காடு குறைவாக இருந்தது. சாலையிலிருந்து ஒதுங்கிய ஊர்களில் இந்த விளைவு இன்னும் பெரிது.

வாகட்டில் யாருக்காவது பணம் கொடுத்தால் கோதுமை விலை அசையாது. நெடுஞ்சாலை ஓரத்தில் அங்காடிகள் வரிசையாக நிற்கின்றன, கைபேசியில் தட்டினால் மாவு வீட்டுக்கே வருகிறது. யவத்மாள் மாவட்டத்தின் உள்ளே, வாரச் சந்தையை நம்பியிருக்கும் ஊரில் அப்படி இல்லை. ஒரே 150 ரூபாய் இரண்டு இடத்திலும் இரண்டு வெவ்வேறு கோடு. இந்த உரையின் கருத்தில், பணத்துக்கு ஆதரவாகப் பேசும் நகரத்துப் பொருளியலாளர் பலர் வரைவது தம் ஊரின் கோட்டைத்தான்.

பணம் கூடவே கூடாது என்பதல்ல வாதம். சோளம் உண்ணும் வீட்டுக்கும், வேலை தேடிப் பாதி ஆண்டு ஊர்விட்டுப் போகும் கரும்பு வெட்டுவோருக்கும், எடை குறைத்து அளக்கும் கடைக்காரரிடம் சிக்கியவருக்கும் பணம் உண்மையான விடுதலை. பணம் குடும்பத் தலைவியின் கணக்குக்குப் போகிறது என்பதும் சிறிய செய்தி அல்ல. குறை தொகையில் இருக்கிறது. கிலோவில் சொன்ன வாக்குறுதி ஒவ்வொரு மாதமும் கடைவிலையோடு தானே ஏறி இறங்கும். ரூபாயில் சொன்ன வாக்குறுதி யாராவது கோப்பில் கையெழுத்திடும் வரை அசையாது. தொகையை அந்தந்த மாவட்டத்தின் சில்லறை விலையோடு கட்டிவிட்டால் விலகல் பெருமளவு மறையும். நுகர்வோர் விவகாரத் துறை நாடெங்கும் பல நூறு மையங்களில் அரிசி, கோதுமை விலையை நாள்தோறும் பதிந்துவருவதால் அதற்கான எண்களும் கையில் இருக்கின்றன.

அந்தக் கட்டு இல்லாமையின் விளைவு ஒரே தெருவில் தெரியும். 2023 ஜனவரி முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் வருவோருக்குத் தலைக்கு 5 கிலோ தானியம் இலவசம், 2024 ஜனவரி முதல் அது மேலும் ஐந்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆகவே மராத்வாடாவின் ஒரு கிராமத்தில் முன்னுரிமை அட்டை வைத்திருக்கும் வீட்டுக்கு மாதம் 20 கிலோ வருகிறது, விலை எவ்வளவானாலும் அதே 20 கிலோ. அடுத்த வீட்டில் கேசரி அட்டை விவசாயிக்கு 2023இல் வந்தது 600 ரூபாய். கோதுமை 32 ரூபாயாக இருக்கும்போது அந்தப் பணத்தில் ஏறக்குறைய 19 கிலோ வாங்கலாம், 40 ஆகும்போது 15 கிலோ. இரண்டு வீட்டின் நிலத்துக்கும் நடுவே ஒரு வரப்புதான் இருக்கக்கூடும்.

2024 ஜூனில் மகாராஷ்டிரம் தொகையை 170 ஆக உயர்த்தியது. அதே வகுத்தலைச் செய்தால் கிலோவுக்கு 34, கோதுமைக்குக் கடைவிலை 36 வரை ஈடுகட்டும். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நான்கு பேர் குடும்பம் மாதம் 20 ரூபாயைத் தன் கையிலிருந்து போட வேண்டும். கர்நாடகம் வேறு திசையில் போனது. 2025 ஜனவரியில் கிடங்குகள் நிரம்பியிருந்ததால் மத்திய அரசு மாநிலங்களுக்கான அரிசி விலையை கிலோ 22 ரூபாய் 50 காசாகக் குறைத்தது. 5 கிலோவுக்கு 112 ரூபாய் 50 காசு. 170 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த அரசு பிப்ரவரியில் பணத்தை நிறுத்திவிட்டு அரிசிக்குத் திரும்பியது.